ஷோகேசில் இருந்த சன்ஸ்கிரீன்

கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் என் பியூட்டி பார்லர் இருக்கிறது. இரண்டு நாற்காலி, ஒரு கட்டில், வெயில் காலத்தில் மட்டும் வேலை செய்யாத ஒரு ஏசி. படியேறி வருகிறவர்களுக்கு முகம் தெளியும் என்று போர்டில் எழுதியிருக்கிறேன். என் வாயைப் பற்றி போர்டில் எதுவும் இல்லை. அது வந்தபிறகு அவர்களே தெரிந்துகொள்வார்கள்.

மீன்கார அக்கா என் பார்லருக்கு வருவார் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பத்து வருஷமாக நான்தான் அவரிடம் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடற்கரை ஊரான இனயத்திலிருந்து விடிகாலையிலேயே வந்து, சந்தையில் கூரை இல்லாத ஓரத்தில் உட்கார்ந்து, சாளையும் நெத்திலியும் விற்பார். நான் செவுளைத் தூக்கிப் பார்த்தால் கையைத் தட்டிவிடுவார். ஐம்பத்திரண்டு வயது. மெனோபாஸ் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. எங்கள் சிநேகம் முழுவதும் சண்டையில்தான் நடந்துகொண்டிருந்தது.

அன்று மத்தியானம் மீன் சுமக்கிற வெறும் சருவத்தைப் படிக்குக் கீழே கவிழ்த்து வைத்துவிட்டு, கால் கழுவிக்கொண்டு மேலே வந்தார். புருவம் திருத்தக் காத்திருந்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் மூக்கைச் சுளித்து நகர்ந்தன. எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "மத்தியானம் சோத்துல மீன் கொழம்பு இருந்தா மூக்கை மூடிக்கிட்டா சாப்பிடுவீங்க?" என்று கேட்டேன். பிள்ளைகள் போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டன. அவர்கள் போகும்வரை அக்கா வாயே திறக்கவில்லை. அது அவருக்குப் பழக்கம் இல்லாத காரியம்.

"மக்கா, இந்த மொகத்துல உள்ள ரோமத்த எடுக்க ஒக்குமா?" என்றார் கடைசியில்.

"ஒக்கும், எடுத்துரலாம். ஏன், இப்ப என்ன ஆசை?"

அவர் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அவருடைய ஒரே மகள் மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறாள். கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருக்கிறாள். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் மூன்று வருஷத்துக்குப் பிறகு அம்மாவைக் கண்டதும் ஓடிவந்து கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருக்கிறாள். கொடுத்த வேகத்திலேயே முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "அம்மோ, குத்துதே! அப்பனுக்க தாடி மாதிரில்லா இரிக்கு" என்று சிரித்திருக்கிறாள். கூட வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் சிரித்திருக்கிறார்கள். அக்காவும் சிரித்திருக்கிறார்.

"அவ வெளயாட்டுக்குச் சொன்னா, எனக்குத் தெரியாதா? ஆனா அதுக்குப் பொறவு எனக்கு அவ பக்கத்துல மொகத்தக் கொண்டுபோவ நாணமா இரிக்கு மக்கா. கெட்டு அண்ணைக்கு கோயிலுக்கு எறங்கும்போ நெத்தியில குருசு வரைஞ்சு உம்ம குடுக்கணும். அண்ணைக்கும் அவ மொகத்த இழுத்தா நான் என்ன செய்ய?"

அவர் சொன்ன கெட்டு என்பது கல்யாணம், குருசு சிலுவை, உம்ம முத்தம். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்த மணப்பெண்ணுக்கு மேக்கப் போட என்னைத்தான் பேசியிருந்தார்கள். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு மணப்பெண்ணைவிட இந்த அம்மாவின் முகம்தான் பெரிய வேலையாகத் தெரிந்தது.

விளக்கைப் போட்டுப் பார்த்தேன். கன்னத்திலும் மேலுதட்டிலும் பூனைமுடிதான். அது யாரையும் குத்தாது. தாடையில் மட்டும் எண்ணி எட்டோ ஒன்பதோ தடித்த முடிகள். விரலால் தடவினால் உப்புத்தாள். "இதை என்ன செய்யுறீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, வீட்டுக்காரரின் ரேசரால் ஞாயிற்றுக்கிழமைதோறும் வழிப்பதாகச் சொன்னார். வழிக்க வழிக்கத் தடிக்கிறது என்றும் சொன்னார்.

வழிப்பதால் முடி தடிப்பதில்லை. முடியின் நுனி இயல்பாகக் கூர்ந்து மெலிந்து இருக்கும். பிளேடு அதைக் குறுக்கே வெட்டினால் முனை மழுங்கி, வளரும்போது குத்தும். அவ்வளவுதான். அந்த வயதில் தாடையில் நாலு முடி தடிப்பதும் பெரும்பாலும் சகஜம். திடீரென்று நிறைய முளைத்தால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும். இதையெல்லாம் சொன்னபோது, "அப்ப எனக்கு ஆம்பள சீக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார். எத்தனை வருஷமாக அதை மனசுக்குள் வைத்திருந்தாரோ. "மீன் விக்கிற வாயைப் பார்த்தா சந்தேகமாத்தான் இருக்கு" என்று சொல்லிச் சமாளித்தேன்.

தாடை முடியைப் பிளேடால் தொடப்போவதில்லை, வளர விட்டு, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வேரோடு பிடுங்கித் தருகிறேன் என்றேன். கன்னத்துக்கும் மேலுதட்டுக்கும் டெர்மாபிளேனிங், பூனைமுடியையும் செத்த தோலையும் பிளேடால் மெல்ல வழித்தெடுப்பது. அந்தப் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. "சொரண்டுதது" என்று வைத்துக்கொண்டார். அதைக் கல்யாணத்துக்கு முந்தின நாள் செய்யக் கூடாது, சிவப்பு ஏதாவது வந்தால் அடங்க நாள் வேண்டும். அதனால் ஒன்பது நாள் முன்னால் வரச் சொன்னேன்.

சொன்ன நாளில் வந்தார். முகத்தில் பரு உண்டா, உதட்டோரம் கொப்புளம் உண்டா, ராத்திரியில் ஏதாவது வெளுக்கிற கிரீம் போடுகிறாரா, ரத்தம் இளக்குகிற மாத்திரை சாப்பிடுகிறாரா என்று நாகர்கோவிலில் படித்த கோர்ஸில் சொல்லித்தந்தபடி ஒன்று விடாமல் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை. முகத்தில் பூசியிருந்த தேங்காய் எண்ணெயை இரண்டு தடவை கழுவித் துடைத்தேன். தோல் நன்றாகக் காய்ந்தபிறகு, புது பிளேடு உறையை அவர் கண் முன்னாலேயே கிழித்தேன்.

தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, பிளேடைச் சாய்த்து, முடி சாய்ந்த திசையிலேயே சின்னச் சின்னதாக வழிக்க வேண்டும். அழுத்தக் கூடாது. படுத்திருக்கிறவர் பேசக் கூடாது. அந்தக் கடைசி விதிதான் நடக்கவில்லை.

"மக்கா, நீ தப்பாட்டு எடுக்க. செதிலு எடுக்கணும்னா வாலுல இருந்து தலைக்கு, எதுத்து எடுக்கணும்."

"நீங்க செதில் எடுத்த மீன் ஏதாவது எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருக்கா?"

அவர் வயிறு குலுங்கச் சிரிக்க, நான் பிளேடைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர, ஒரு கன்னத்துக்கு இருபது நிமிஷம் ஆனது. பிளேடில் ஒட்டியிருந்த வெள்ளைப் பஞ்சைக் காட்டினேன். பூனைமுடியும் செத்த தோலும். "எனக்க மாதாவே, இம்புட்டா!" என்று வாயைப் பிளந்தார். முடிந்ததும் கண்ணாடியைக் கொடுத்தேன். புறங்கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். மறுபடி தடவினார். என் மனசு குளிர்ந்துவிட்டது, அதை ஒளிக்க மாட்டேன்.

பிறகு உபதேசத்தைத் தொடங்கினேன். நாலைந்து நாளைக்கு மஞ்சள், எலுமிச்சை, கடலைமாவு, வாசனைப் பவுடர் எதுவும் கூடாது. சோப்பு போட்டுத் தேய்க்கக் கூடாது. மேல்தோல் போயிருக்கிறது, புதுத்தோல் வெயில் தாங்காது. கூடுமானவரை வெயிலில் இறங்காதீர்கள். இறங்கினால் சன்ஸ்கிரீன் போடாமல் இறங்காதீர்கள். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, வெளியே போக கால்மணி நேரம் முன்னால் போட வேண்டும். வேர்க்கும், அதனால் இரண்டு மணிக்கொரு தரம் மறுபடி போட வேண்டும். "சன்ஸ்கிரீன் இருக்கா, நான் தரட்டா?" என்று கேட்டேன்.

"அது வீட்டுல உண்டு. மோளு கொண்டு வந்தா. எஸ்பிஎஃப் அம்பதுன்னு எழுதியிரிக்கு. நல்ல சாதனம், கொள்ளாம்" என்றார் பெருமையாக.

நல்ல சாமான்தான் என்று நானும் திருப்தியாக அனுப்பிவிட்டேன்.

நாலாம் நாள் நெத்திலி வாங்கச் சந்தைக்குப் போனேன். கல்யாண வீட்டுக்காரி, அவர் இருக்க மாட்டார், வேறு யாரிடமாவது வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். இருந்தார். அதே ஓரத்தில், அதே வெயிலில், தலையில் ஒரு தோர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு. குனிந்து முகத்தைப் பார்த்தேன். இரண்டு கன்னமும் செங்கல் நிறம். மூக்கோரம் தோல் உரிந்து தொங்குகிறது. உப்புக் கையால் வேர்வையைத் துடைத்துத் துடைத்து மேலுதடு வீங்கியிருக்கிறது.

"என்னக்கா இது? வெயில்ல வந்து உட்கார்ந்திருக்கீங்க?"

"பின்ன? கெட்டு உண்டுன்னு மீனு கரைக்கு வராம இரிக்குமா? மூணு நாளா சாளை கொள்ளை கொள்ளையா வருது."

"சன்ஸ்கிரீன் போட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்? வீட்ல உண்டுன்னு சொன்னீங்களே!"

"உண்டுல்லா. ஷோகேசுல வச்சிரிக்கேன்."

"ஷோகேசுலயா?"

"அத எடுத்து மீன் சந்தைக்கா போடுவா? மோளு வெளிநாட்டுல இருந்து கொண்டுவந்த சாதனம். கெட்டு அண்ணைக்கு சீலப் பொட்டிச்சுப் போடலாம்னு வச்சிரிக்கேன்."

நான் போட்ட சத்தத்தில் தேங்காய்க் கடைவரை திரும்பிப் பார்த்தார்கள். அது பட்டுப் புடவை இல்லை அக்கா, குடை! மழை நின்றபிறகு விரிக்கிறதா? கல்யாணத்தன்று நீங்கள் கோயிலுக்குள்ளே இருப்பீர்கள், வெயில் இங்கேதானே இருக்கிறது? பக்கத்து மீன்காரி ஒருத்தி சிரிக்கத் தொடங்கினாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரிக்கப் பார்த்தார். கன்னம் இழுத்து எரிந்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திவிட்டார். அதைப் பார்த்ததும் என் சத்தமும் நின்றுவிட்டது.

அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்யதை? எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் அந்த ஷோகேஸ் இல்லை? என் வீட்டிலேயே என் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த சோப்பு, உறை பிரிக்காமல், வாசனை போய்ச் சுருங்கிக் கிடக்கிறது. வளைகுடாவிலிருந்து வந்த எதுவும் எங்களுக்கு உடனே உபயோகிக்கிற சாமான் அல்ல. முதலில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று நாலு பேர் பார்க்க வேண்டும். இது தெரிந்த நான்தானே, சன்ஸ்கிரீன் உண்டா என்று மட்டும் கேட்டுவிட்டு, திறந்தாயிற்றா என்று கேட்காமல் விட்டேன்? கோர்ஸில் சொல்லிக்கொடுத்த கேள்வி எல்லாம் கேட்டேன். நாளைக் காலை பத்து மணிக்கு எங்கே இருப்பீர்கள் என்று கேட்கவில்லை. பத்து வருஷமாக அவர் வெயிலில் உட்காருவதைப் பார்த்துக்கொண்டே மீன் வாங்கியவள் நான்.

மீதி மீனைப் பக்கத்துக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, அன்றைக்கே அவரை நாகர்கோவிலுக்குத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பஸ்ஸில் வெயில் படாத பக்கம் உட்கார வைத்தேன். வழி முழுவதும் அவர் கேட்டது ஒரே கேள்வி. "அஞ்சு நாளைக்குள்ள செரியாவுமா மக்கா? இப்ப அவ தொட்டா எனக்கில்லா எரியும்." வாய் நீளமான நான் அதை விட்டுவிட்டுத் தோவாளைப் பூவையும் பஸ் டிரைவரையும் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன்.

டாக்டர் அம்மா பார்த்தார். வெயில் சுட்டிருக்கிறது, தோல் எரிச்சலடைந்திருக்கிறது, கொப்புளமோ சீழோ இல்லை, பயப்பட ஒன்றும் இல்லை என்றார். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி, ஒரு சாதாரண மாய்ஸ்சரைசர், சில நாளைக்கு மட்டும் ஒரு ஆயின்மென்ட். உரிகிற தோலைப் பிய்க்கக் கூடாது. எரிச்சல் இரண்டு மூன்று நாளில் அடங்கும், கறுப்புத் திட்டு மட்டும் மறைய வாரக்கணக்கில் ஆகலாம். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "வெயிலில் வேலை பார்க்கிறவர் என்று தெரிந்துதானே செய்தீர்கள்?" என்று கேட்டார். "ஆமாம் டாக்டர்" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சின்ன பதில் அதுதான்.

அங்கிருந்து நேராக இனயம். ஷோகேஸைப் பார்த்தேன். மாதா சொரூபம், மகளின் பட்டமளிப்பு போட்டோ, பிரிக்காத சென்ட் பாட்டில்கள், இரண்டு பால்பவுடர் டின், நடுவில் நீல மூடி போட்ட அந்தச் சன்ஸ்கிரீன். கல்யாண அலைச்சலில் அம்மா முகம் காட்டாமல் நழுவிக்கொண்டே இருந்ததால், மகள் அப்போதுதான் விஷயத்தைக் கேட்டாள். முதலில் சிரித்தாள். பிறகு அம்மாவின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்து, சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"அம்மோ, இது ஒங்களுக்குப் போடத்தானே நான் வாங்குனேன். வெயில்ல இரிக்கியளேன்னு நெனச்சு வாங்குனேன். கண்ணாடிக்கு உள்ள வெயிலு அடிக்குமா?"

"அழகா இரிந்துது, அதான்" என்றார் அக்கா, சின்னப் பிள்ளைபோல.

மகள் ஷோகேஸைத் திறந்து, பாட்டிலின் சீலைக் கிழித்தாள். அக்கா "அய்யோ" என்றார். எரிச்சல் அடங்கும்வரை வெளியே இறங்கவே கூடாது, அடங்கியபிறகு தினமும் இது என்று அந்தப் பிள்ளையே சட்டம் போட்டாள். நர்ஸின் சட்டம். நான் வாயைத் திறக்கத் தேவையிருக்கவில்லை. எதற்காக இந்த முகத்தைச் சரிசெய்யக் கிளம்பினார் என்பதை மட்டும் அக்கா மகளிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று எனக்கும் கண் காட்டினார்.

ஐந்து நாளும் நான் போன் செய்தேன். முதல் நாள் எரிகிறது என்றார். இரண்டாம் நாள் அரிக்கிறது என்றார். மூன்றாம் நாள் வீட்டுக்குள் இருந்து இருந்து பைத்தியம் பிடிக்கிறது என்று என்னைத் திட்டினார். திட்டைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது. அன்றைக்கே போய், தாடை முடிகளை ஒவ்வொன்றாகச் சின்ன இடுக்கியால் பிடுங்கி, குளிர்ந்த துணியை வைத்தேன்.

கல்யாணத்தன்று விடிந்ததும் மணப்பெண்ணை உட்கார வைத்தேன். இரண்டரை மணி நேர வேலை. முடிந்தபிறகு எந்தக் கல்யாணத்திலும் நான் சொல்வதை அங்கேயும் சொன்னேன்: "இனிமே யாரும் பொண்ணு மொகத்தத் தொடக்கூடாது. கட்டிப் பிடிக்கக்கூடாது. கெட்டுப்போச்சுன்னா நான் பொறுப்பில்ல." எல்லோரிடமும் சொல்கிற அதே குரலில், அதே கடுப்பில், வாய் தன்னால் சொல்லிவிட்டது.

கோயில் மணி அடித்தது. அப்பா வந்து மகளின் நெற்றியில் குருசு வரைந்தார். அடுத்து அக்கா. மாம்பழ நிறப் பட்டு, கன்னத்தில் இரண்டு பழுப்புத் திட்டு. பவுடர்கூடப் போடவில்லை, சன்ஸ்கிரீன் மட்டும். இத்தனை வருஷ வெயிலுக்கு அதுதான் முதல் தடவை என்பதால் அளவு தெரியாமல் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருந்தார். பெருவிரலால் குருசு வரைந்தார். முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனார். கொண்டுபோனவர் நின்று, திரும்பி, என்னைப் பார்த்தார்.

மேக்கப் கெட்டுவிடுமே என்று என்னிடம் அனுமதி கேட்கிறார். இதற்காகவே பன்னிரண்டு நாள் பட்ட பாடு அத்தனையும் பட்டவர்.

என் வாயை அன்றைக்குப்போல நான் என்றைக்கும் வெறுத்ததில்லை. "குடுங்கக்கா!" என்று கத்தினேன். "நல்லா அழுத்திக் குடுங்க. எத்தன தடவ வேணும்னாலும் நான் மறுபடியும் போடுவேன்."

கொடுத்தார். மகள் முகத்தை இழுக்கவில்லை. இழுப்பதற்குப் பதிலாக அம்மாவின் கழுத்தைச் சுற்றிப் பிடித்து, தன் கன்னத்தை அந்தக் கன்னத்தின்மேல் வைத்து, அப்படியே வைத்துக்கொண்டாள். வீடியோக்காரர் போதும் என்றார். விடவில்லை. பங்குச் சாமியார் காத்திருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். அதற்கும் விடவில்லை.

பிரிந்தபோது மணப்பெண்ணின் வலது கன்னத்தில் என் இரண்டரை மணி நேரம் கலைந்து கிடந்தது. மையும் கண்ணீரும், அதன்மேல் அம்மாவின் கன்னம் பட்ட இடத்தில் வெள்ளை வெளேரென்று சன்ஸ்கிரீன். நான் பையைத் திறந்து, அவளை மறுபடியும் உட்கார வைத்தேன். என் கண்ணிலும் தண்ணீர் நின்றதால், அந்தக் கன்னத்தை முடிக்க வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக ஆனது.